பிறக்காதவர்களுக்கு ஒப்படைப்புக் குறிப்பு

19 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

பயாப்ஸி ரிப்போர்ட் வந்துவிட்டது. குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டுமாம். செப்டம்பர் 12. அதன்பிறகு மூச்சு கழுத்து ஓட்டை வழியாக. பயிற்சி எடுத்தால் ஒரு கருவி வைத்துப் பேசலாம், ஆனால் அது இந்தக் குரலாக இருக்காது என்றார் டாக்டர். ஏதோ பார்ட்ஸ் மாற்றுவது போலச் சொன்னார்.

மனைவி வசந்தி டாக்ஸியில் ரிப்போர்ட்டை மடியில் வைத்து நீவிக்கொண்டே வந்தாள். பெஹாலாவில் வீட்டுக் கதவைத் திறந்ததும்தான், “எட்டு மாசமா தொண்டை கட்டிண்டிருக்கு. கேட்டப்பல்லாம் ஒண்ணுமில்லேன்னேள்” என்றாள்.

சொன்னேன்தான். ரிடையர் ஆகும்போது நிரப்பிய மருத்துவப் படிவத்தில்கூட ‘ஆல் இன் ஆர்டர்’ என்று எழுதினேன். முப்பத்தைந்து வருஷமாகக் கப்பலில் எழுதிப் பழகிய கை.

21 ஆகஸ்ட், வியாழன்

மகள் சுபிக்ஷா வந்தாள். அவளும் சிநேகிதர்களும் செய்யும் ஆடியோ நாடகத்தின் கடைசிப் பகுதி பாக்கி இருக்கிறதாம். ஒரு விண்கப்பல், கிளம்பியவர் யாரும் போய்ச் சேரமாட்டார்கள். பேரனுக்குப் பேரன் போய் இறங்குவான். அதன் கேப்டன் சாகுமுன் இன்னும் பிறக்காத சந்ததிக்கு ஒரு கடிதம் விட்டுப் போகிறார். “நீயே எழுதி, நீயே பேசேன்ப்பா. நெஜ கேப்டன் வேற யாரு இருக்கா எனக்கு?”

பன்னிரண்டாம் தேதிக்கு முன் முடிக்க வேண்டுமாம். ஏன் அவசரம் என்று ரெண்டு பேருக்கும் தெரியும்.

22 ஆகஸ்ட்

அவள் கொடுத்த கணக்கை எழுதி வைக்கிறேன். தூரம் நாலேகால் ஒளியாண்டு. வேகம் ஒளியில் நூற்றில் இரண்டு பங்கு, வினாடிக்கு ஆறாயிரம் கிலோமீட்டர். அந்த ஓட்டத்துக்கே இருநூற்றுப் பன்னிரண்டு வருஷம். நாலாயிரம் பேர். குடியிருப்பு நாலு பெரிய உருளைகளில். ஒவ்வொன்றும் நிமிஷத்துக்கு இரண்டு சுற்று சுற்றும், உள்விளிம்பில் நிற்பவனுக்குப் பூமியின் எடை கிடைக்க. நடுத்தண்டு சுற்றாது. கடைசியில் கப்பலைத் திருப்பிப் பின்பக்கத்தை முன்னே காட்டி, எஞ்சினைப் போட்டு நிறுத்த வேண்டும். அந்த எரிபொருளை நடுவில் எவனும் தொடக்கூடாது.

நான் கடைசி வருஷங்களில் ஹூக்ளியில் பைலட்டாக, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு வழிகாட்டியவன். மணல் இடம் மாறுகிற நதி. அதற்கு இது பரவாயில்லை.

24 ஆகஸ்ட், ஞாயிறு

முதல் டிராஃப்டைப் படித்துக் காட்டினேன். ‘நட்சத்திரங்களின் குழந்தைகளே’ என்று தொடங்கியிருந்தேன். சுபிக்ஷா பாதியிலேயே, “அப்பா, சுதந்திர தினத்துக்குக் கொடியேத்த வந்தவர் மாதிரி இருக்கு” என்றாள். கோபம் வந்தது. கத்தப் பார்த்தேன், காற்றுதான் வந்தது.

சரியாகத்தான் சொன்னாள், கழுதை.

26 ஆகஸ்ட்

இன்று ஒன்று கண்டுபிடித்தேன். சுற்றும் உருளையும் சுற்றாத தண்டும் சேரும் இடத்தில் சீல் இருக்குமே, அது கசியாதா என்று கேட்டேன். கப்பலில் புரொபெல்லர் தண்டு வெளியே போகும் இடத்திலும் சீல் உண்டு. கொஞ்சமும் கசியாத சீலை நான் பார்த்ததில்லை. “வருஷத்துக்கு அரை பர்சென்ட் காத்து போகும்னு போட்டிருக்கேன்ப்பா, ரொம்பக் கம்மிதானே” என்றாள்.

கம்மியா? இருநூற்றுப் பன்னிரண்டு வருஷம் அழுத்தத்தைக் குறையவிடாமல் வைத்தால் கப்பலில் இருக்கும் காற்று மொத்தத்துக்கும் மேலேயே வெளியே போகும். ஆக்ஸிஜனைத் தண்ணீரைப் பிரித்து எடுக்கலாம். நைட்ரஜனை எங்கே போய் வாங்குவது? ரிசர்வ் டாங்க்கில் இருப்பது மொத்தக் காற்றில் நூற்றுக்கு இருபது பங்கு. அது நாற்பது வருஷம் வரும். அந்த நாற்பது வருஷமும் டாங்க் தானாக நிரப்பிக்கொண்டே இருக்கும், குடியிருப்பின் பிரஷர் முள் அசையாது. ஒவ்வொரு கேப்டனும் முள்ளைப் பார்த்து ‘ஆல் இன் ஆர்டர்’ எழுதி அடுத்தவனிடம் கொடுப்பான். நாற்பத்தோராம் வருஷத்துக் கேப்டன் மாட்டிக்கொள்வான்.

அவன்தான் கடிதம் எழுதுகிறவன். சுபிக்ஷா துள்ளினாள். நான் பேனாவை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

27 ஆகஸ்ட்

கிரீஷ்.

28 ஆகஸ்ட், வியாழன்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இதுவும் உள்ளேயே அழுகும்.

கப்பலை விட்டு இறங்கும் கேப்டன், ஏறும் கேப்டனுக்கு ஒப்படைப்புக் குறிப்பு எழுத வேண்டும். எது ஓடுகிறது, எது ஓடவில்லை, எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது. நல்ல குறிப்பில் குறைதான் முதலில் வரும். 1999 ஜூன், தென்னாப்பிரிக்காவில் நிலக்கரி ஏற்றிக்கொண்டிருந்தோம், நான் அங்கே இறங்கி வீட்டுக்குப் போகும் முறை. உயிர்காப்புப் படகைத் தாங்கும் கொக்கி தேய்ந்து துருப்பிடித்திருந்தது, லீவர் முழுதாகப் பூட்டவில்லை. பார்த்தேன். எழுதினால் இன்ஸ்பெக்டர் வருவார், கப்பல் நிற்கும், நானும் நிற்க வேண்டும். சுபிக்ஷாவுக்கு மூன்றாவது பிறந்தநாள், டிக்கெட் கையில். ‘படகுகள்: ஆல் இன் ஆர்டர்’ என்று குறிப்பில் எழுதினேன்.

பத்தொன்பது நாள் கழித்து ஒத்திகையில் படகைத் தொங்கவிட்டபோது கொக்கி தானாக விட்டுவிட்டது. சீஃப் ஆபீஸர் கிரீஷ் படகில் இருந்தான். லீவரை அவனே தவறாக இழுத்தான் என்று விசாரணையில் எழுதினார்கள். அந்தப் பிறந்தநாளில் நான் கேக் வெட்டிய போட்டோ ஹாலில் மாட்டியிருக்கிறது.

அவன் மனைவி ஷோபனா லேக் கார்டன்ஸில் இருக்கிறாள். அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். மஞ்சுளா பிறந்தது அதற்குப் பிறகு. அப்பா தன் தப்பால் செத்தார் என்று கேட்டே வளர்ந்த பெண். இங்குள்ள தமிழர்களின் பொங்கல் விழாவில் அவர்களைக் கண்டால் நான் பாத்ரூமுக்குப் போய்விடுவேன். இருபத்தாறு வருஷம். த்தூ.

3 செப்டம்பர்

வசந்தியிடம் சொன்னேன். குரல் பாதி வரவில்லை, மீதியை எழுதிக் காட்டினேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு, “ஷோபனாவுக்கு அஞ்சாம் மாசம் வளைகாப்புல நான் வளையல் அடுக்கினேனே” என்றாள். மிச்சக் காயையும் நறுக்கி முடித்தாள். சாதம் போட்டாள். அதுவே பெரிசு.

6 செப்டம்பர், சனி

சுபிக்ஷாவிடமும். “என் பர்த்டேவுக்காகவா?” இதையே மூன்று தரம் கேட்டாள். உன்னால் இல்லை, என்னால் என்றேன். போட்டோவைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

ரெக்கார்டிங்கை விட்டுவிடுவாளோ?

9 செப்டம்பர், செவ்வாய்

விடவில்லை. கார்டன் ரீச்சில் அவள் சிநேகிதன் வீட்டில் ஒரு அறை, சுவரெல்லாம் மெத்தை. தேன் வெந்நீர் குடித்துக்கொண்டே நாலு மணி நேரம். ஒரு பக்கத்துக்கு ஒரு தரம் இருமல். பேசியதை இங்கே ஒட்டி வைக்கிறேன்:

“நான் நாற்பத்தோராம் வருஷத்துக் கேப்டன். உங்களைக் கேட்டு யாரும் இந்தக் கப்பலில் ஏற்றவில்லை. அதனால் வாழ்த்துச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. குறையைச் சொல்கிறேன்.

உருளைச் சீல்கள் கசிகின்றன. எனக்கு முன்னால் இருந்தவர்களுக்குத் தெரியும். எனக்கும் பதினோரு வருஷமாகத் தெரியும். ‘ஆல் இன் ஆர்டர்’ என்று எழுதினேன். ரிசர்வ் டாங்க் இன்று காலி. பிரஷர் முள்ளை நம்பாதீர்கள். டாங்க்கில் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள்.

ஒன்றும் செய்யாமல் போனால், நீங்கள் சேரும்போது நைட்ரஜன் பாதிகூட இருக்காது. ஐந்தில் ஒரு பங்காக இருக்க வேண்டிய ஆக்ஸிஜன் ஐந்தில் இரண்டாகும். மூச்சு விடலாம், ஆனால் ஒரு பொறி விழுந்தால் துணியும் கூந்தலும் பற்றிக்கொள்ளும்.

வழி ஒன்று உண்டு. நான்காம் உருளையை இன்றே காலி செய்கிறேன். அதன் காற்றை டாங்க்கில் ஏற்றினால், மூன்று உருளைக்கு அறுபத்தாறு வருஷம் வரும். பிறகு நீங்கள் மூன்றாம் உருளையையும் மூடுங்கள். மிச்ச இரண்டுக்கு நூறு வருஷம். இருநூற்றேழாம் வருஷம் வரை தாங்கும். கடைசி ஐந்து வருஷம் அழுத்தம் கொஞ்சம் குறையும், ஓட்டிவிடலாம்.

இதன் விலை: நாலாயிரம் பேர் இரண்டாயிரமாக வேண்டும். யாரையும் வெளியே தள்ள மாட்டோம். பிறப்பைக் குறைப்போம். உங்களில் பாதிப் பேர் பிறக்க மாட்டீர்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். நான் பதினோரு வருஷம் முன்னால் வாயைத் திறந்திருந்தால் சீலை மாற்ற ஆளும் இருந்தது, டாங்க்கில் காற்றும் இருந்தது.

உங்கள் பேச்சு மாறும். ஒவ்வொரு கேப்டனும் பொறுப்பு எடுக்கும் நாளில் இதைத் தன் காலத்துப் பேச்சில், தன் வாயால், எல்லாருக்கும் முன் படிக்க வேண்டும். படித்துவிட்டுத் தன் குறையையும் கடைசியில் சேர்க்க வேண்டும். கப்பலை ஒப்படைக்கிறேன்.”

முடிந்ததும் சுபிக்ஷா ஹெட்போனில் முதலிலிருந்து ஒரு தரம் போட்டுக் கேட்டாள். “இன்னொரு டேக் வேணுமா?” என்றேன். “வேண்டாம்ப்பா.”

10 செப்டம்பர்

நாடகத்தில் ஒப்புக்கொள்வது சுலபம்.

11 செப்டம்பர், வியாழன்

லேக் கார்டன்ஸ் போனேன். இதுதான் என் குரலுக்குக் கடைசி நாள், இதற்கு உதவட்டும் என்று. ஷோபனா கதவைத் திறந்தாள். தலை நரைத்துவிட்டது. “வாங்க சார், என்ன இவ்ளோ தூரம்?” சும்மா வந்தேன் என்றேன். நாளைக்கு ஆபரேஷன், ஒன்றுமில்லை, சின்னதுதான் என்றேன். அவள் எனக்காகச் சாமிக்கு வேண்டிக்கொள்வதாகச் சொன்னாள். டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒன்றுமில்லையாம். டீ வேறு. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மாலை. போனில் நானே பேசிப் பதிவு செய்தேன். பதினாலு நிமிஷம். கொக்கி, லீவர், நான் எழுதிய வரி, டிக்கெட், எல்லாம். ‘கிரீஷ் மேல் தப்பில்லை’ என்ற இடத்தில் குரல் உடைந்து காற்றாகப் போனது. மறுபடி சொன்னேன். மறுபடியும் உடைந்தது. அப்படியே ஷோபனாவுக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு நீலக் குறி விழும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போனைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

4 அக்டோபர்

கழுத்தில் ஓட்டை. மூச்சு அங்கேயே உள்ளே போய் அங்கேயே வெளியே வருகிறது. மகளின் பழைய ஸ்லேட்டில் எழுதிப் பேசுகிறேன். துர்கா பூஜை தசமி முடிந்து தெருவில் பந்தலைப் பிரிக்கிறார்கள். ஷோபனாவிடமிருந்து ஒன்றும் இல்லை. வரவேண்டும் என்று நான் எதிர்பார்க்கலாமா? கூடாது. எதிர்பார்க்கிறேன்.

9 நவம்பர், ஞாயிறு

இன்று காலை மஞ்சுளா வந்தாள். தனியாக. அப்படியே கிரீஷின் நெற்றி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வசந்தி வைத்த காப்பியைத் தொடவில்லை.

“அம்மா அத தினம் கேக்கறாங்க அங்கிள். அந்த ஒரு இடத்துல உங்க வாய்ஸ் வரல. அவங்க அங்கேயே திருப்பித் திருப்பிப் போடறாங்க.” இங்கேயே வளர்ந்தவள், தமிழ் தடுமாறியது. கொஞ்சம் வங்காள மொழியில் சொன்னாள், மறுபடி தமிழுக்கு வந்தாள். “எனக்கு அது எழுத்துல வேணும். உங்க கைல.”

ஸ்லேட்டை எடுத்தேன். பழைய எழுத்தைத் துடைத்தேன். குறையை முதலில் எழுதினேன்: கொக்கி தேய்ந்திருந்தது எனக்குத் தெரியும். நான் மறைத்தேன். கிரீஷ் மேல் தப்பில்லை. கீழே என் பெயர், பதவி, 1999 ஜூன் தேதி.

நின்றபடியே இரண்டு தரம் படித்தாள். படம் எடுத்துக்கொள்ளேன், காகிதத்திலும் எழுதித் தருகிறேன் என்று சைகை காட்டினேன். அவள் ஸ்லேட்டையே எழுத்து அழியாமல் இரண்டு கையாலும் விளிம்பில் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனாள். போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை.

வசந்தி சந்தையில் வேறு ஸ்லேட் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினாள். அவள் வரும்வரை ஆறிப்போன அந்தக் காப்பியின் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.