கிட்டி ஏன் பள்ளிக்கு வரவில்லை

குழந்தைகள் வார்டு,
பிப்ரவரி, வியாழக்கிழமை

ஆறாம் வகுப்பு ஆசிரியை மிஸ் டூலன் அவர்களுக்கு,

உங்களுக்கும் வகுப்புப் பிள்ளைகளுக்கும் உடம்பு சுகமாக இருக்க வேண்டிக்கொண்டு, கிட்டி சுவீனியின் பாட்டி ஹனோரா எழுதுவது. கிட்டியின் அம்மா போன அக்டோபரில் இறந்துபோனாள், அப்பா இங்கிலாந்தில் வேலையில் இருக்கிறான். அதனால் பெற்றவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் நான்தான் போடுகிறேன். இங்கே நர்ஸ் ஒருத்தி, சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கைதான், ஆனால் என் பிள்ளைக்கு நானே எழுதுவேன்.

கிட்டி போன வாரம் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும், பிறகு வெள்ளியிலிருந்து இன்று வரையிலும் பள்ளிக்கு வரவில்லை. காரணம் ஃப்ளூ காய்ச்சல். டாக்டர் சீட்டு இத்துடன் இருக்கிறது. மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து ஃப்ளூதான் என்று உறுதி செய்திருக்கிறார்கள். இப்போது அது நெஞ்சில் இறங்கிவிட்டது. இடது நுரையீரலின் அடிப்பக்கம் எக்ஸ்ரே படத்தில் வெள்ளையாகத் தெரிகிறது. ஊசி வழியாக மருந்து ஏறுகிறது, மூக்கில் ஆக்சிஜன் குழாய். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போய் வருகிறது. அதை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை, மிஸ். பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

நடுவில் வியாழக்கிழமை அவள் வந்தாளே என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை மணி அடிக்கும் முன்பே பள்ளிக்குப் போன் செய்து, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். அலுவலகத்தில் மிஸஸ் ஹேனன் நல்ல மனுஷிதான். விவரத்தைப் பதிந்துகொண்டு, "ஹனோரா, அம்மா சாவுக்குப் போனது, அப்புறம் அம்மை போட்டது எல்லாம் சேர்த்து கிட்டிக்கு ஏற்கெனவே பதினாறு நாள் போயிடுச்சு. இருபது ஆச்சுன்னா நான் மேல பிள்ளைங்க நல ஆபீசுக்குத் தகவல் அனுப்பியே ஆகணும். காய்ச்சலா கல்யாணமான்னு கம்ப்யூட்டர் பார்க்காது. டாக்டர் சீட்டு இருந்தாலும் கணக்குதான். பயப்படாதீங்க, வெறும் தகவல்" என்றாள்.

வெறும் தகவல் என்று, காலகாலமாக ஒரே ஊரில் வீடு கட்டி வாழ்கிறவர்களுக்குச் சொல்லலாம். நாங்கள் டிராவலர்கள், வண்டியோடு ஊர் ஊராகப் போய் வாழ்ந்த சனம். எனக்கு ஏழு வயது இருக்கும்போது, சாலையோரம் எங்கள் வண்டி நின்ற இடத்துக்குத் தொப்பி வைத்த ஒருவர் வந்தார். பிள்ளைகளுக்குக் கொடுமை நடக்காமல் பார்ப்பது அவர் வேலையாம். எங்கள் ஆட்கள் அவரையே கொடுமைக்காரர் என்றுதான் சொல்வார்கள். என் அக்கா சேலி சரியாகப் பள்ளிக்குப் போகவில்லை என்று சொல்லி அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். பெரிய பெண்ணாகித்தான் திரும்பி வந்தாள். அம்மாவை "மேடம்" என்று கூப்பிட்டாள். அந்தக் காலம் போய்விட்டது என்கிறார்கள். இருக்கலாம். பள்ளியிலிருந்து உறை வந்தால் இன்றும் அதை நான் உடனே பிரிப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: மருந்து கொடுக்காமலேயே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் பள்ளிக்கு அனுப்பலாம் என்று. புதன்கிழமையோடு பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. வியாழன் காலையில் அவள் நெற்றி கொதித்தது. காய்ச்சல் சிரப்பை ஊற்றிக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் உடம்பு குளிர்ந்தது, முகத்தில் களை வந்தது. நல்ல கோட்டைப் போட்டு, தலை வாரி அனுப்பினேன். சிரப்பைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாதே என்றேன். மதியத்துக்குள் மருந்தின் வேகம் இறங்கிவிடும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்குள் வருகைப் பதிவில் அவள் பெயர் ஏறிவிடும் என்பதும் தெரியும்.

மேசையில் தலை சாய்த்துக் கிடக்கிறாள் என்று நீங்கள் போன் செய்தீர்கள். ஓடி வந்து அழைத்துப் போனேன். அப்போதும் உங்களிடம் உண்மையைச் சொல்லவில்லை. சனிக்கிழமை உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் வந்தது.

இங்கே பெரிய டாக்டரம்மா, காய்ச்சல் எப்போது விட்டது, எப்போது திரும்பி வந்தது என்று கேட்டார். புதன்கிழமை விட்டது என்றேன். குழாயை மூக்கில் வைத்துக்கொண்டே இந்தப் பெண், "இல்ல டாக்டர், விடவே இல்ல. பாட்டி சிரப் குடுத்து அனுப்புனாங்க. பாட்டிக்குப் பொய் சொல்லவும் வராது, பாட்டுப் பாடவும் வராது" என்றாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. குனிந்து எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

நேற்று சமூகநலப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து என்னோடு உட்கார்ந்தாள். டீ வாங்கிக் கொடுத்தாள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், ராத்திரி பிள்ளை எங்கே படுப்பாள், வீடு சூடாக இருக்குமா என்றெல்லாம் கேட்டாள். "உங்க மேல குத்தம் கண்டுபிடிக்க வரலைம்மா, உங்களுக்கு என்ன உதவி வேணும்னு பார்க்கத்தான்" என்றாள். பள்ளியையும் கேட்பேன் என்றாள். உங்களுக்குப் போன் வரும். நான் செய்ததை மறைக்க வேண்டாம், மிஸ். சிரப்பைப் பற்றியும் சொல்லுங்கள். உங்கள் வகுப்பில் யாருக்காவது அன்று இவளிடமிருந்து ஒட்டியிருந்தால் அவர்கள் வீட்டுக்கும் நானே போய் நின்று சொல்கிறேன். கிட்டி மதியச் சாப்பாடு இல்லாமல் ஒரு நாளும் வந்ததில்லை, வாசிப்பில் வகுப்பிலேயே முதலாக நிற்கிறாள் என்று நீங்களே என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

இனி பாடங்கள். கிட்டி கண் திறந்தால் இதே பேச்சுதான். "மிஸ் பின்னத்துல பாதியில நிக்கறாங்க பாட்டி. நான் இல்லாமலே முடிச்சுடுவாங்க, அப்புறம் ஈஃபா என்னை முந்திடுவா" என்கிறாள். பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது, ஐரிஷ் மொழியில் இறந்தகால வினைகள், வெள்ளிக்கிழமை எழுத்துத் தேர்வுக்கான சொற்கள், இவை விட்டுப்போனது அவளுக்கே தெரியும். மற்றது என்னென்ன, எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை என்று பெரிய எழுத்தில் குறித்து அனுப்புங்கள். எல்லாமும் வேண்டாம். கொஞ்ச நேரம் படித்தாலே தலை வலிக்கிறது, கட்டாயமானது மட்டும் போதும். கணக்கில் ஒன்றை மட்டும் முதலிலிருந்து கடைசி வரை படிப்படியாகச் செய்து காட்டியிருங்கள். அவள் கேட்டால் சொல்லித்தர எனக்குத் தெரியாது. பார்த்து இரண்டு பேரும் சேர்ந்து கற்றுக்கொள்வோம்.

ஒரு வேண்டுகோள். பாடத்தைப் பள்ளியின் உறையில் போட்டுத் தபாலில் அனுப்பாதீர்கள். ஈஃபாவின் அம்மா இந்த மருத்துவமனைச் சமையலறையில்தான் வேலை செய்கிறாள், அவள் கையில் கொடுத்துவிட்டால் போதும்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வாரமாவது படுக்கையில் இருக்க வேண்டுமாம். விளையாட்டு வகுப்பு அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் கூடாது என்கிறார்கள். இந்தத் தடவை டாக்டர் சொன்ன நாள்வரை ஒரு நாள்கூடக் குறைக்காமல் வைத்துக்கொள்வேன், கணக்கு எவ்வளவு ஏறினாலும் சரி. பிறகு ஒரு காலையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானே பள்ளி வாசலுக்கு வருவேன். என் கையிலிருந்துதான் அவளை வாங்கிக்கொள்ள வேண்டும், மிஸ் டூலன். மணி அடித்ததும் என் கையில்தான் திருப்பித் தர வேண்டும்.

கடவுள் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
கிட்டியை வளர்க்கும்
ஹனோரா சுவீனி