இசபெல்லாவுக்குக் கதவைத் திறங்கள்

சவரிநாதன் அவர்களுக்கு,

நான் கோவிலுக்குச் செல்கிறேன். மீன் குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது.

ஐந்து மணிக்கு உங்கள் தம்பி மகள் இசபெல்லா, தன் திருமண அழைப்பிதழோடு லகாட் ஊரிலிருந்து வருகிறாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து உங்களை நீக்கிவிட்டாள் என்பதற்காகக் கதவைத் திறக்காமல் இருந்துவிடாதீர்கள். குழுவில் உங்கள் பழைய எண், புதிய எண் இரண்டுமே இருந்தன. பழையதை நீக்க முயன்று புதியதை நீக்கிவிட்டாள். "பெரிம்மா, நம்பர் மாறிப் போச்சுலா! பெரியப்பா போனே எடுக்க மாட்டேங்குறாரு," என்று அழுதாள். நீங்கள் பேசினால் உடனே சேர்த்துவிடுவாள்.

முன்பும் இப்படித்தான், குழுவில் நீங்கள் அனுப்பியவற்றுக்கு எவரும் மறுமொழி தராததால், எல்லோரும் குழுவை ஒலியடக்கிவிட்டதாகச் சொன்னீர்கள். ஒருவர் ஒலியடக்கியது மற்றவருக்குத் தெரியாது. மௌனத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

பின்குறிப்பு: நான் ஓராண்டாக ஒலியடக்கி வைத்திருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததா? ஆயினும் உங்கள் காலை வணக்கங்களை ஒன்றுவிடாமல் வாசித்தேன். நான்கு நாள்களாக அவை வரவில்லை.

இருதயமேரி