ஆகஸ்ட் பதினெட்டு, ஹெலேனாக்களின் நாள்

1987 ஆகஸ்ட் 3, திங்கள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பெரிய இயந்திரம் மறுபடி நின்றுவிட்டது. கை சும்மா இருந்தால் மனம் கெட்ட இடத்துக்குப் போகும். சுவரில் தொங்குகிற நாட்காட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தாளிலும் அன்றைக்குப் பெயர்நாள் யார் யாருக்கு என்று போட்டிருக்கும்; ஒவ்வொரு புனிதர் பெயருக்கும் ஒரு நாள், அந்தப் பெயர் வைத்தவர்களுக்கெல்லாம் அன்று கொண்டாட்டம். வருடா வருடம் ஜனவரியில் இந்தக் கூடத்துப் பெண்களின் பெயரைத் தேடிப் பென்சிலால் வட்டம் போடுவது நான்தான். அந்தந்த நாளில் எல்லார் சார்பிலும் வாழ்த்துச் சொல்வதும் நான்தான். ஆறாம் வகுப்போடு நின்றவள், ஆனால் வாழ்த்து மட்டும் எனக்குத் தடங்கலில்லாமல் வரும்.

இந்த ஜனவரியில் வட்டம் போடவில்லை. போன நவம்பரில் என் மகள் ஹெலாவை மண்ணில் வைத்துவிட்டு வந்தவள் எந்தக் கையால் போடுவது?

பதினெட்டாம் தேதித் தாளில் ஹெலேனா என்று அவள் முழுப்பெயரை அச்சடித்திருக்கிறது. இன்னும் பதினைந்து நாள்.

ஆகஸ்ட் 5

ஏப்ரலில் வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கும் அதே பெயர். நான்கு மாதமாகப் பக்கத்தில் நின்று போர்வை மடிக்கிறாள். ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இங்க பாரும்மா", அவ்வளவுதான்.

என் பெண்ணின் பிறந்தநாள் ஜூனில் வந்தது. அது வீட்டு விஷயம், யாருக்கும் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், முடிந்தது. பெயர்நாளுக்கு எந்தக் கதவைச் சாத்துவது? காலையில் ரேடியோ சொல்லும். பேப்பரில் மேல் வரியிலேயே இருக்கும். பேருந்தில் பெண்கள் காகிதம் சுற்றிய பூவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஊரில் இருக்கிற ஹெலேனா அத்தனை பேருக்கும் ஒரே நாளில்.

ஆகஸ்ட் 6

தேநீர் நேரத்தில் செஷா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. இஸ்திரிப் பக்கம் வேலை செய்பவள், பதினாறு வருடமாகப் பழக்கம்.

"ஏண்டி ஹெலேனா, பதினெட்டாம் தேதி என்ன கேக்கு கொண்டுவரப்போற? பாலாடைக்கட்டி கேக்கா, பிளம் போட்டதா? இப்பவே சொல்லிடு, முதநாள் பட்டினி கிடக்கணும்."

அந்தப் பெண் என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"எனக்கு மார்ச் ரெண்டுதான் அக்கா. முடிஞ்சுபோச்சு."

"அடி சாமர்த்தியக்காரி! கேக்கு நாள் போகட்டும்னு காத்திருந்து ஏப்ரல்ல வந்து சேந்திருக்கா பாரு!"

இருக்கலாம். ஹெலேனா என்ற பெயர் பல தாள்களில் வருகிறது. எங்கள் பக்கம் கொண்டாடுவது மார்ச் இரண்டும் ஆகஸ்ட் பதினெட்டும்தான். பிறந்தநாளுக்குப் பிறகு எது முதலில் வருகிறதோ, அதுதான் ஒருத்திக்குச் சொந்த நாள். என் ஹெலா ஜூனில் பிறந்தவள், அதனால் ஆகஸ்ட். இவள் பனிக்காலத்தில் பிறந்திருப்பாள்.

பிழைத்தேன். வாழ்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 14

முன்பெல்லாம் இந்நேரம் வீடு முழுக்க வெனிலா வாசம். பெயர்நாளுக்கு யாரையும் அழைக்கிற வழக்கமில்லை. ஞாபகம் இருக்கிறவர்கள் வருவார்கள். எத்தனை பேர் என்று தெரியாமலே சமைக்க வேண்டும். ஒரு வருடம் பதினேழு பேர்! எதிர்வீட்டில் பெஞ்சு வாங்கிப் போட்டோம். ஹெர்ரிங் மீன் தீர்ந்து, சாலட் தீர்ந்து, கடைசியில் ரொட்டியும் ஊறுகாயும். ஹெலா சிரித்துக்கொண்டே இருந்தாள். "இதான்மா எனக்குப் பிடிக்குது. பிறந்தநாள்னா எத்தனை வயசுன்னு கேப்பாங்க. இதுல யாரும் எண்ண மாட்டாங்க."

எண்ண மாட்டார்கள். சரிதான்.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

வேலைக்குப் போய்விட்டேன். வீட்டில் இருந்தால் ரேடியோ.

பத்து மணி இருக்கும், தொலைபேசி அடித்தது. நான்தான் பக்கத்தில். ஒரு வயதானவர், தபால் நிலையத்திலிருந்து கத்திப் பேசுகிறார்.

"எம் பொண்ணு ஹெலென்கா இருக்காளா? அவ அப்பா பேசறேன். இன்னிக்கு அவளுக்குப் பெயர்நாள், வாழ்த்து சொல்லணும். இந்த லைன் கெடைக்க ஒரு மணி நேரமா நிக்கறேம்மா."

இன்றைக்கா? மார்ச் என்றாளே?

அவள் கூடத்தின் அந்தக் கோடியில். இயந்திரச் சத்தத்தில் "இங்க பாரும்மா" எடுபடுமா? இரண்டு தரம் கூப்பிட்டேன், திரும்பவில்லை. கிழவர் காசு போட்டுக் காத்திருக்கிறார். கத்தினேன் — "ஹெலேனா!"

என் குரல்தான். ஒன்பது மாதம் கழித்து அந்தப் பெயரைச் சொல்கிறது.

அவள் ஓடிவந்து முதுகைக் காட்டிக்கொண்டு பேசினாள். "ஆமாப்பா... ஆமா, கேக்கு கொண்டுவந்தேன், எல்லாரும் சாப்பிட்டாங்க... பாட்டெல்லாம் பாடினாங்கப்பா." நான் அங்கேயே நின்று கேட்டேன். மேசைமேல் வெறும் தேநீர்க் கெட்டில்.

ஆகஸ்ட் 19

துணி மாற்றும் அறையில் அவளைப் பிடித்தேன்.

"நீ எப்ப பொறந்த?"

"மே இருபத்தொண்ணு அக்கா."

"அப்ப ஆகஸ்ட்தானே உன் நாள். ஏன் பொய் சொன்ன?"

"பொய்யில்லக்கா. மார்ச் ரெண்டும் நாட்காட்டியில இருக்கில்ல?" சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "என் பேரை யாராவது சொன்னா நீங்க கையில இருக்கறதக் கீழ வெச்சிடறீங்க. முதல் வாரமே பாத்தேன். அப்புறம் செஷா அக்காகிட்ட கேட்டுத் தெரிஞ்சுகிட்டேன். ஒரு வருஷம் கேக்கு இல்லன்னா என்னக்கா ஆயிடும்?"

வாழ்த்து சொல்கிறவளாம் நான்! பெயர்நாளை ஊரே ஞாபகம் வைத்திருக்கும், மறைக்கவே முடியாது என்று எழுதினேனே — ஒருத்தி மறைத்திருக்கிறாள். என் பொருட்டு. அப்பாவிடமும் பொய் சொல்லிக்கொண்டு.

ஆகஸ்ட் 20

பெயர்நாள் வாழ்த்து எட்டு நாள்வரை செல்லும் என்பார் என் மாமியார். நேற்றிலிருந்து அதையே எண்ணிக்கொண்டிருக்கிறேன். இருபத்தைந்துவரை செல்லும்.

ஆகஸ்ட் 22, சனி

சந்தையில் வாள்பூ வாங்கினேன், நீளத் தண்டில் அடுக்கடுக்காகப் பூக்கிற கிளாடியோலஸ். என் ஹெலாவுக்கும் எப்போதும் அதுதான். பூக்காரி, "பதினொண்ணா? யாருக்கு இவ்ளோ பெரிய விசேஷம்?" என்றாள். இரண்டு பேருக்கு என்றேன். இறந்தவர்களுக்கு இரட்டைப்படை, இருப்பவர்களுக்கு ஒற்றைப்படை. ஆறு தண்டைக் கல்லறையில் வைத்து விளக்கு ஏற்றினேன். தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். ஐந்து தண்டு வீட்டில் வாளித் தண்ணீரில் நிற்கிறது.

ஆகஸ்ட் 24, திங்கள்

பெயர்நாள்காரிதான் கேக்கு கொண்டுவர வேண்டும். இன்று நான் கொண்டுபோனேன், பிளம் போட்டது. அடியில் கொஞ்சம் தீய்ந்துவிட்டது, அடுப்பு பழக்கம் விட்டுப்போச்சு. கூடவே எடுத்துப்போன ஐந்து வாள்பூத் தண்டிலும் கீழ்ப்பூக்கள் எல்லாம் விரிந்திருந்தன.

செஷா தட்டைப் பார்த்ததும், "உலகம் தலைகீழாயிடுச்சு! இனிமே பெயர்நாள்காரி நாம குடுக்கறதத் தின்னுட்டுப் போவாளா?" என்று கத்தினாள். கண் மட்டும் கலங்கியிருந்தது கழுதைக்கு.

நான் எல்லார் முன்னாலும் நின்றேன். "ஹெலேனா," என்று ஆரம்பித்து நின்றுபோனேன். மறுபடி ஆரம்பித்தேன்.

"ஹெலேனா. உன் பெயர்நாளுக்கு ஆரோக்கியம், சந்தோஷம், நெனச்சதெல்லாம் கைகூடணும். நூறு வருஷம் இருக்கணும். நீ ரொம்ப வருஷம் இருக்கணும்."

மூன்று முத்தம், கன்னம் மாற்றி மாற்றி. யார் கன்னம் ஈரம் என்று தெரியவில்லை. பிறகு பாடினார்கள், நீராவிக் குழாய் அதிர.

"அக்கா, கேக்கு தீஞ்சிருக்கு," என்று காதில் சொன்னாள்.

"வாயை மூடிட்டுத் தின்னு."

பிறந்தநாளென்றால் எண்ண வேண்டும். என் பெண்ணுக்கு அந்த எண்ணிக்கை இருபத்து நான்கோடு நின்றுவிட்டது. பெயர்நாளுக்கு எண்ணிக்கையே இல்லை. அதனால் நிற்கவும் இல்லை.

வேலை முடிந்ததும் நாட்காட்டியில் மீதித் தாள்களுக்கு வட்டம் போட்டுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 1, செவ்வாய்

ப்ரோனிஸ்லாவா. என் பெயர், என் தாள். முப்பத்தொன்பதில் உலகப் போர் தொடங்கிய நாளில்தான் உன் பெயரும் வரணுமா என்று வருடா வருடம் கேலி செய்வார்கள். வட்டம் போட்டபோது இந்தத் தாளை மட்டும் விட்டுவிட்டேன். இன்று காலையில் பார்த்தால் யாரோ போட்டிருக்கிறார்கள். பென்சிலை அழுத்தி, கோணல் வட்டம்.

மாலை ஐந்து. யாரையும் அழைக்கவில்லை. எதிர்வீட்டில் பெஞ்சு வாங்கி வந்திருக்கிறேன். கோப்பை எத்தனை எடுத்து வைப்பதென்று தெரியவில்லை.