இரத்தமில்லாத கொள்ளைப் படம்

இன்று காத்தான்குடிப் பக்கம் போகும் பஸ்ஸில், முன் இருக்கை அம்மா ஒருவர் கைலேஞ்சியில் ஓடிக்கொலோன் ஊற்றினார். உங்கள் கட்டிலோரத்தில் எப்போதும் வீசிய அதே வாசம். பஸ் முழுக்க நீங்கள் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள், அன்ரி. டிக்கெட்கூட எடுக்காமல்.

நாவற்குடாவில் எங்கள் அடுத்த வீடு உங்களுடையது. வங்கியில் பெட்டகச் சாவி வைத்திருந்தவர் நீங்கள். சீனி வருத்தம் ஒரு காலைக் கொண்டுபோன பிறகு கட்டிலும் தொலைக்காட்சியுமே உங்கள் உலகம். ஆயுள் முழுக்கப் பெட்டகத்தைக் காத்த மனுசிக்குப் பிடித்ததெல்லாம் பெட்டகத்தைத் திறக்கும் படங்கள்.

"வெடிச்சத்தம் மட்டும் வேணாம் மனே. உங்கட அங்கிளச் சுட்ட அண்டைக்குக் கேட்டதே எனக்குக் காணும். திட்டம் எப்பிடிப் போடுறாங்கள் எண்டத்தான் நான் பாக்கணும்."

படம் பொறுக்குவது என் வேலையானது. வயது வரம்பை நம்பிப் பயனில்லை என்று முதல் வாரமே பிடிபட்டது. கெட்ட வார்த்தைக்கும் அதே முத்திரை, கழுத்தறுப்புக்கும் அதே முத்திரை. அதனால் இணையத்தில் வன்முறைக் குறிப்பைத் தனியாக வாசிப்பேன். கடைசி இருபது நிமிடத்தை ஓட்டிப் பார்ப்பேன். இரண்டு மணித்தியாலத்துக்குள் படம் முடிய வேண்டும். முதல் அரை மணிக்குள் களவுக் கூட்டம் சேர வேண்டும். சேர்ந்த ஒவ்வொருவனுக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். கொள்ளைப் படத்தைவிட ஏமாற்றுக்காரர் படம் பத்திரமானது. அதில் இரை தன் பேராசையால் தானே தூக்கிக் கொடுக்கும், சுடும் துவக்குக்கு வேலை இல்லை. எல்லாவற்றிலும் ஆபத்தானது, களவு பாதிப் படத்திலேயே முடிந்துவிடும் படம். மிச்சப் பாதியில் பங்கு பிரிக்கும் சண்டை. அங்கேதான் இரத்தம் ஓடும்.

முக்கால் படத்தில் நிறுத்தி, எப்படிச் செய்தார்கள் என்று ஆளுக்கொரு ஊகம் சொல்வோம். எப்போதும் நீங்கள்தான் வெல்வீர்கள். "திட்டத்த முதலே விளக்கமாச் சொன்னா அது பிழையாப் போகும் மனே. நமக்கு ஒளிச்சாத்தான் அது பலிக்கும். ஆனா ஒளிச்ச சாமான ஒருக்கா நம்மட கண்ணுக்கு முன்னால காட்டியிரிக்கணும். இல்லாட்டி அது களவு இல்ல, கள்ள ஆட்டம்." பெட்டகத்தை ஒரே சாவியால் திறந்த படத்தைப் பத்து நிமிடத்தில் நிறுத்தச் சொன்னீர்கள். "ரெண்டு பேர்ட கையில ரெண்டு சாவி இரிக்கும். இவன் ஆரு, பெட்டகத்துக்கு மருமகனா?"

ஒருநாள் என் கூட்டாளிமார் இருக்கும்போது என் ஊகம் மறுபடி பிழையாய்ப் போனது. "இவன்ட தலைக்குப் பூட்டே தேவல்ல. உள்ள ஒண்டும் இல்ல" என்றீர்கள். அவர்கள் சிரித்த சிரிப்பு ஒரு மாதம் பள்ளிக்கூடம்வரை என்னோடு வந்தது.

பழி வாங்க நான் வெளியே தேடவில்லை. உங்களுக்குப் பிடித்ததெல்லாம் எனக்குப் பாடம். நல்ல வேகம், அழகான கூட்டம், காவலாளி மாறும் மூன்று நிமிட இடைவெளி, துவக்கே இல்லாத முதல் பாதி. அப்படியொன்றைத் தேடி எடுத்தேன். களவு பாதியில் முடிந்தது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தீர்கள்.

"என்ன மனே, வெள்ளண முடிஞ்சிற்று?"

"மறுகா, மிச்சப் பாதியிலதான் அன்ரி விளையாட்டே இரிக்கு."

"ரத்தம் இல்லதானே?"

"சத்தியமா இல்ல."

நம்பினீர்கள். ஒரே அறைக்குள் ஐந்து பேரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை, உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்க ஆயத்தமாக. நீங்கள் கத்தவில்லை. இல்லாத காலையும் மடக்கப் பார்த்தவர்போல் கட்டிலில் சுருண்டு, இரண்டு காதையும் பொத்தினீர்கள். நிறுத்தும் பொத்தான் என் கையில்தான் இருந்தது. அடுத்த வெடியும் கேட்ட பிறகே அமத்தினேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

"நல்லாச் செஞ்சாய்" என்றீர்கள். "போ."

பிறகு நான் கொண்டுவந்தது, இதுவரை பொறுக்கியதிலேயே சிறந்த படம். கள்ளக் காணி உறுதிப் பத்திரத்தோடு ஒரு முதலாளியை அவன் ஆசையாலேயே விழுத்தும் கதை. கன்னத்தில் ஒரு அறைகூட விழாது. மூன்று தரம் முழுதாகப் பார்த்துவிட்டு வந்தேன். உங்கள் மகள் வாசலில் நின்றா.

"அம்மா பாக்கமாட்டாவாம்."

"இதுல ஒண்டும் இல்லக்கா. உண்மையா."

உள்ளேயிருந்து உங்கள் குரல்: "அண்டைக்கும் அவன் இப்பிடித்தான் சொன்னவன். இதே குரல்ல." படத்தை மகளின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏழு வாரத்தில் சிறுநீரகமும் கைவிட்டது. அடக்கத்துக்கு வந்தேன். மகள் என்னைக் கண்டுவிட்டு, மெழுகுதிரி ஏற்றப் போய்விட்டா. அந்தப் படத்தைப் பிறகாவது பார்த்தீர்களா என்று அவவிடம் நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும்.

இப்போதும் ஆட்கள் என்னிடம் படம் கேட்கிறார்கள். எத்தனையாவது நிமிடத்தில் இரத்தம், யார் சாகிறான், எல்லாம் முதலே சொல்லிவிடுகிறேன். கதையைக் கெடுத்தவன் என்று ஏசுகிறார்கள், ஏசட்டும். போன கிழமை வெல்லாவெளியிலிருந்து வந்த சித்தி கேட்டா, "ரத்தம் இல்லதானே தம்பி?" இல்லை என்றேன். உண்மையாகவே இல்லை. உடனே நம்பி, படத்தைப் போட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தா.

சித்தி அவ்வளவு லேசாக நம்பினா, அன்ரி. எனக்குத்தான் கடைசிவரை உட்கார முடியவில்லை.