கட்டத்தில் அடங்காத பதில்

மார்ச் 4

அன்புள்ள உனக்கு,

நலம். நீ உன் தங்கை வீட்டுக்குப் போய் ஐந்து மாதம். இங்கே இரண்டு நாற்காலியிலும் புத்தகங்களே உட்கார்ந்திருக்கின்றன. கட்டுரை முடிந்தது. சாரம்: இந்து மதம் என்ற ஒற்றை மதத்தை வெள்ளைக்காரர்கள்தான் உருவாக்கினார்கள். வழக்கம்போலத் திருத்தி அனுப்பு. கூடவே ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். ஆம், இல்லை என்று எழுதினால் போதும்: 1. கோபமா? 2. தங்கையின் தூண்டுதலா? 3. எப்போதாவது வருவாயா?

உன் கணவன்

மார்ச் 19

அன்புள்ள பேராசிரியருக்கு,

'உருவாக்கினார்கள்' என்பதை அடித்துவிட்டேன். அவர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்து, துருக்கர் என்று பிரித்துப் பாடியவர்கள் உண்டு. வெள்ளைக்காரர்கள் செய்தது வேறு. நீதிமன்றத்துக்குச் சட்டம் வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி பண்டிதர்களைக் கூட்டியது. அவர்கள் சமஸ்கிருதத்தில் தொகுத்தது பாரசீகத்துக்கும், அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் போயிற்று. இடத்துக்கு இடம் மாறிய வழக்கங்களைவிட ஏடு பெரிதாயிற்று. பண்டிதர்களும் அப்பாவிகள் அல்லர். தங்களுக்குப் பிடித்த ஏட்டைத்தான் நீட்டினார்கள். பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'மதம்' என்றொரு கட்டம். பலர் சாதியைச் சொன்னார்கள், சிலர் குருவைச் சொன்னார்கள். வேறெதிலும் சேராதவர்கள் இந்துவானார்கள். அதற்கு முன்பே, 1864இல், நீதிமன்றப் பண்டிதர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மொழிபெயர்ப்பு கையில் இருக்கும்போது ஆள் எதற்கு?

சீட்டை நிரப்பவில்லை. சென்ற ஆண்டு விருந்தாளிகள் முன்னால், "இவளுக்குக் கூட்டம்னா ஆகாதுங்க, எனக்குத் தெரியாதா?" என்று சிரித்துவிட்டு மாநாட்டுக்குத் தனியாகப் போனீர்கள். அங்கே வாசித்த பாரசீகச் சான்றுகள் அத்தனையும் நான் மொழிபெயர்த்தவை. வருகிறாயா என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் சீட்டில் இதற்குக் கட்டம் இல்லை.

இப்படிக்கு,
நான்

ஏப்ரல் 2

அன்புள்ள உனக்கு,

திருத்தங்களை அப்படியே ஏற்றேன். அடிக்குறிப்பு 31இல் 'மொழிபெயர்ப்பில் உதவிய துணைவிக்கு நன்றி' என்றும் சேர்த்திருக்கிறேன். மகிழ்ச்சிதானே?

உன் கணவன்

ஏப்ரல் 11

பேராசிரியருக்கு,

அந்தக் காலத்து நூல்கள் பலவற்றில் 'ஒரு பண்டிதர் உதவினார்' என்றுதான் இருக்கும். பெயர் இருக்காது. மரபை நன்றாகவே காப்பாற்றுகிறீர்கள்.

இப்படிக்கு,
துணைவி (அடிக்குறிப்பு 31)

ஜூன் 8

அன்புள்ள உனக்கு,

அடிக்குறிப்பை எடுத்துவிட்டேன். கட்டுரை உன் பெயரும் என் பெயருமாக வருகிறது, உன்னுடையது முதலில்.

போன மாதம் கேள்வி எதுவும் எழுதாமல் உனக்கு ஒரு வெறும் தாள் அனுப்பினேன். அது வெறுமையாகவே திரும்பி வந்தது. விளக்கில் பிடித்துப் பார்த்தேன், திருப்பியும் பார்த்தேன். இதற்கு இன்னதுதான் பொருள் என்று ஓரத்தில் எழுதக் கை துறுதுறுத்தது. எழுதவில்லை. எனக்குப் புரியாத ஒன்றை அப்படியே விட்டு வைப்பது இதுதான் முதல் தடவை.

இரண்டாவது நாற்காலியிலிருந்த புத்தகங்களைத் தரைக்கு இறக்கினேன். நாற்காலி காலியாக இருக்கிறது. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

நான்