டோர்கில் மன்னிப்புக் கேட்கும் காட்சி

எதற்கும் ஒத்துவராதவனே,

நம் துப்பறியும் தொடரின் எட்டாவது பாகத்துக்கு நான் தனியாக எழுதிய கார் காட்சியைத் தயாரிப்பாளர் விபேகே திருப்பி அனுப்பிவிட்டாள். "ரெண்டு போலீசும் ஒரே ஆள் மாதிரி பேசுறாங்க. சிரிப்பும் வரல, சண்டையும் வரல" என்கிறாள். அவள் சொல்வது சரிதான்.

நாம் சேர்ந்து எழுதிய பாகங்களில், என் போலீஸ்காரி குட்ருனின் துடைத்துவைத்த காரில் உன் போலீஸ்காரன் டோர்கில் ஊறுகாய் மீன் தின்பானே!

"ஜன்னலைத் திறந்து தொலைங்க. பிணவறையே தேவல."

"அங்க சாப்பிட விடமாட்டாங்க மேடம்."

அதைப் பார்த்து நம் ஆர்ஹூஸ் நகரமே சிரித்தது. அவள் தடயத்தை நம்புவாள், அவன் முகத்தை நம்புவான். வழக்கு முடியும்வரை இருவரும் பிரிய முடியாது. அதனால் மனதிலிருக்கும் சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லித்தான் மல்லுக்கட்ட வேண்டும். பார்ப்பவர்களுக்குத் துப்புப் போய்ச் சேருவதும் அந்தச் சண்டையில்தான். "ஒத்துப்போற ரெண்டு பேரு எதுக்குடி பேசணும்? அதான் எல்லா ஊர்லயும் இதே ஜோடி திரும்பத் திரும்ப வருது" என்று மேசையைத் தட்டுவாய்.

உன் நாற்காலிக்கு வேறொருவரை அனுப்பியிருக்கிறார்கள். நான் எதைச் சொன்னாலும் சரி என்கிறார்.

நேற்று ஆஸ்பத்திரியில் உனக்குப் படித்துக் காட்டினேனே, டோர்கில் மீனைத் தூக்கியெறிந்துவிட்டுக் குட்ருனிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சி, அதை வேண்டுமென்றே அப்படித் தப்பாக எழுதினேன். உனக்குப் பேச்சுத்தானே போயிற்று, காகிதத்தையாவது தட்டிவிடுவாய் என்று காத்திருந்தேன்.

நீ சரியென்று தலையாட்டினாய்.

நாளை இன்னும் மோசமாக ஒன்று எழுதிக்கொண்டு வருகிறேன். ஒருமுறை முறைத்துவிடு.

உன்னோடு ஒருநாளும் ஒத்துப்போகாத
நான்