பொந்தியான் டேவானுக்கு வழி தெரியாத கனவு

என்னங்க,

இப்படித்தான் கூப்பிட வருகிறது. நீங்கள் போன பிறகு ஒருநாள் உங்கள் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். யாரோ ஒருவரைக் கூப்பிடுவது போல இருந்தது, விட்டுவிட்டேன்.

உங்களிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டும். எனக்குக் கல்யாணம். பெயர் தனபாலன், பொந்தியானில் பள்ளி பஸ் ஓட்டுகிறார். அவர் மனைவியும் இறந்துவிட்டார். நம் கவிதாதான் முதலில் பேச்சை எடுத்தாள். வேலைக்காக சிங்கப்பூரிலேயே தங்கிவிட்ட பிள்ளை, அம்மா செடெனாக்கில் தனியாகச் சாப்பிடுவதை எத்தனை நாள் போனில் பார்ப்பாள்? நான் சம்மதித்தேன். அங்கே கோயில் பக்கத்து டேவானைக் கல்யாண மண்டபமாகப் பேசி முடித்தார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் கனவு வரத் தொடங்கியது.

சேலை கட்டி, நானே காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். சாலைப் பலகையில் பொந்தியான் என்று இருக்கிறது, ஆனால் வந்து சேர்வது பாலோ. நம் கல்யாணம் நடந்த ஊர். செம்பனை வரிசைகள் ஒன்று போலவே இருக்க, எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே வளைவு. ஒரு டேவான் தெரிகிறது. உள்ளே போனால் வேறு யாருக்கோ விருந்து. தனபாலனுக்குப் போன் போட்டால் எண்கள் அழுத்த அழுத்த மாறுகின்றன. குனிந்து பார்த்தால் சேலை இல்லை, நான் வேலைக்குப் போடும் பேக்டரி சட்டை. நேரமாகிவிட்டது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிகிறது. கைப்பேசி அலாரத்தில்தான் விழிப்பேன்.

உங்கள் தங்கை ராஜியிடம் சொன்னேன். அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே இந்தக் கல்யாணம் பிடிக்கவில்லை.

"அண்ணனுக்கு இஷ்டமில்ல, அண்ணி. அதான் வழிய மறைக்கிறாரு," என்றாள்.

அந்த வார்த்தை என்னைப் படுத்திய பாடு உங்களுக்குத் தெரியுமா? சாமி படத்துக்குப் பூ வைக்கும்போது உங்கள் படத்தைப் பார்க்கப் பயந்தேன். கடைசியில் தனபாலனிடம் தள்ளிப்போடலாம் என்று சொல்லிவிட்டேன். அவர் காரணம் கேட்கவில்லை. சரி என்றார். பிறகு, சாப்பிட்டாச்சா என்று கேட்டார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கனவு நிற்கவில்லை. கல்யாணத்தையே தள்ளிவைத்த பிறகும் எதற்கு வருகிறது?

ஒரு லீவு நாளில் அலாரம் வைக்காமல் படுத்தேன். விடிந்து, தானாக விழிப்பு வந்தது. வழக்கமாக அலாரத்துக்குத் துள்ளி எழுவேன்; காலைத் தரையில் வைப்பதற்குள் பாதிக் கனவு போய்விடும், பதற்றம் மட்டும் மிஞ்சும். அன்று அசையவில்லை. கண்ணைத் திறக்காமல் அப்படியே கிடந்தேன். வால் பக்கமிருந்து ஒவ்வொன்றாக, கனவு பின்னோக்கி வந்தது. வேறு யாருடையதோ விருந்து, அதற்கு முன்னால் பாலோ, அதற்கும் முன்னால்...

பொந்தியான் போகும் பாதை சரியாகத்தான் இருந்தது, என்னங்க. டேவான் வாசலில் கட்டிய வாழைமரம்கூடத் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது: இன்று உங்களுக்கு டயாலிசிஸ், கூட்டிப்போக வேண்டும். காரைத் திருப்புகிறேன். நானேதான் திருப்புகிறேன். கல்யாணத்துக்குப் போகிறேன், நீங்களும் வீட்டில் காத்திருக்கிறீர்கள்; கனவில் இந்த இரண்டும் முட்டவே இல்லை. திரும்பிய பிறகுதான் சாலைகள் குழம்புகின்றன.

நீங்கள் எந்த இடத்திலும் வழியை மறைக்கவில்லை. கனவில் நீங்கள் நேரில் வரவே இல்லை.

அன்றே ராஜி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. வாரத்துக்கு மூன்று தடவை, எத்தனை வருஷம் உங்களைக் காரில் ஏற்றி இறக்கினேன் என்று அவளுக்குத் தெரியும். மடித்த துணியை ஓரமாக வைத்தாள்.

"அண்ணன் போய்ட்டாருன்னு உங்க உடம்புக்கு இன்னும் யாரும் சொல்லலை போல," என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க கார ஓட்ட வேணாம் லா. நான் ஓட்டுறேன். அன்னைக்கு நீங்க என் பக்கத்துல உக்காந்தா போதும்."

தனபாலனுக்கு அங்கிருந்தே போன் செய்து, இனித் தள்ளிப்போட வேண்டாம் என்றேன். அதே டேவான் கிடைத்துவிட்டது. வருகிற ஞாயிறு.

கனவு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நேற்றும் வந்தது. நேற்றும் நான் போய்ச் சேரவில்லை. காரைத் திருப்பும்போது மட்டும், இது எதற்கு என்று ஒரு நொடி யோசித்தேன். இன்று காலையிலிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். சேலையை இரண்டு முறை மடித்து வைத்துவிட்டேன். உங்களுக்குக் கோபம் இல்லையே? இருந்தால் எப்படித் தெரிந்துகொள்வேன்?

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் கிளம்புவேன். பாதி வழியில் உங்கள் ஞாபகம் வரும். வரட்டும். காரைத் திருப்பச் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கைக்கு என்றும் அண்ணியாக இருக்கும்
சரசு